ஒரு தடவைக்கு முந்நூற்றுப் பத்து ரூபாய்

கௌதமன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவையும் சொருகிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோதே பொற்கொடிக்கு ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. வீட்டில் அவன் பேனா வைத்துக்கொள்கிறவன் இல்லை. அது கம்பெனிப் பழக்கம். சூலூருக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினேழு வருஷமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறான். பேரிங், சீல், போல்ட், நட்டு என்று எது வந்தது, எது போனது என்று அட்டையில் ஏற்றுவதுதான் வேலை. மூன்று மாதம் அலமாரியை விட்டு அசையாத சாமானுக்கு 'நான்-மூவிங்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவான். சீட்டு ஒட்டிவிட்டால் அதை மறுபடி வாங்க மாட்டார்கள்.

அன்றைக்கு அவன் அந்தச் சீட்டை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தான்.

"மதி, நீயும் வா. ஒரு கணக்குப் போட்டிருக்கறேன்" என்று மகளையும் கூப்பிட்டான். பிளஸ் டூ படிக்கிற மதிவதனி செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். கம்பெனியில் இரண்டு மாதமாக ஓவர்டைம் இல்லை. மாதம் நாலாயிரம் குறைந்துவிட்டது. வீட்டில் எதையாவது நிறுத்தியாக வேண்டும் என்பதில் பொற்கொடிக்கும் மறுப்பில்லை. எதை என்பதுதான் கேள்வி. அதற்குக் கௌதமன் கண்டுபிடித்த வழி, ஒவ்வொன்றையும் எத்தனை தடவை உபயோகப்படுத்தினோம் என்று எண்ணி, கட்டிய பணத்தை அந்த எண்ணால் வகுத்துப் பார்ப்பது. நல்ல வழிதான். வழியில் குற்றமில்லை.

"டிவில மூணு ஆப் இருக்குது. கிரிக்கெட் ஆப் மாசம் எரநூத்தித் தொண்ணூத்தொம்பது, தமிழ்ப் பட ஆப் நூத்தித் தொண்ணூத்தொம்பது, மதியோட இங்கிலீஷ் சீரியல் ஆப் நானூத்தித் தொண்ணூத்தொம்பது. மூணும் சேந்து தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தேழு. டிவி ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓடுது. மாசத்துக்கு நூத்தியிருவது மணி. ஊட்ல மூணு பேரு. மூணால பெருக்குனா முந்நூத்தி அறுவது. வகுத்தா ரெண்டு ரூவா எழுவத்தேழு காசு."

கணக்குப் போட்டிருந்த தாளில் அந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டான்.

"ஜிம்முக்கு வருசம் ஒம்பதாயிரத்தி அறுநூறு. நீ போனது முப்பத்தொரு நாள். ஒரு தடவைக்கு முந்நூத்திப் பத்து ரூவா ஆகுது. ஸ்டோர்ஸா இருந்தா இது நான்-மூவிங். ஒண்ணாந்தேதி ரினீவல் வருது. உட்டுப்போடலாம். மாசம் எண்ணூறு மிச்சம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொற்கொடியின் கை நின்றது.

"எத்தன நாளுன்னு சொன்னீங்க?"

"முப்பத்தொண்ணு. நாஞ் சொல்லுல. ஜிம்முக்காரனே அனுப்பியிருக்கறான்." பொற்கொடி சேரும்போது கௌதமன் நம்பரைக் கொடுத்திருந்ததால் செய்தி அவனுக்கு வந்திருந்தது. 'இந்த ஆண்டு உங்கள் வருகை: 31 நாட்கள். உங்களைக் காணாமல் வாடுகிறோம்!' பக்கத்தில் ஒரு அழுகிற மஞ்சள் மூஞ்சி, கீழே தேதியும் கிழமையும் போட்ட பட்டியல் வேறு.

"அதுலயும் பாரு, இருவத்தி நாலு நாளு திங்கக்கெழம. ஞாயித்துக்கெழம திங்கறத எல்லாம் தின்னுபோட்டு, திங்கக்கெழம பயந்துட்டு ஓடியிருக்கறே" என்று சிரித்தான்.

பொற்கொடிக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. முப்பத்தொரு நாளா? ஞாயிறு தவிர வாரம் ஆறு நாள் அவள் போகிறாள். காய்ச்சல் வந்தபோதும், கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போனபோதும்தான் நின்றிருக்கிறாள். ஆனால் கோபம் வந்தால் அவளுக்கு வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். "அது தப்புங்க. நாந் தெனமும் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. போனாப்பலயே இருக்கும். எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்" என்று சமாதானமாகவே சொன்னான் கௌதமன். அந்தச் சமாதானம்தான் அவளை அதிகமாக எரித்தது. அவன் கத்தியிருந்தாலாவது அவளும் கத்தியிருப்பாள்.

அந்த ஜிம் அவளுக்கு என்ன என்று அவனுக்குத் தெரியாதா? பொற்கொடிக்கு வேலை மோட்டார் வைண்டிங். தாமிரக் கம்பியை விரல்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்துச் சுருளாக்கி, இரும்பு வளையத்தின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக அமுக்கித் திணிக்க வேண்டும். ஒன்பது மணி நேரம் குனிந்தபடி. போன வருஷம் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. மதிக்குச் சடை பின்ன முடியாமல் ஒருநாள் சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதிருக்கிறாள். டாக்டர் மாத்திரையைக் கொடுத்து, தோளுக்குப் பலம் ஏற்றினால்தான் தீரும் என்றும் சொன்னார். இன்றைக்கு அவள் ஜிம்மில் பத்துக் கிலோ இரும்புக் கம்பியைத் தலைக்கு மேலே தூக்குகிறாள். மாத்திரை டப்பா காலியாகி ஏழு மாதம் ஆகிறது, மறுபடி வாங்கத் தேவைப்படவில்லை. அந்த ஜிம் அசையாத சரக்காம்.

மறுநாள் திங்கட்கிழமை விடியற்காலையில் ஜிம் வாசலில் இருந்த ரேகை மெஷினில் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. 'தேங்க்யூ' என்றது மெஷின். எப்போதாவதுதான் அது அவளுக்கு இப்படி மரியாதை செய்யும். மற்ற நாட்களில் சிவப்பு விளக்குத்தான். மூன்று தடவை வைத்துப் பார்த்து, பிறகு பெண்கள் வகுப்பை நடத்துகிற ராமாமணியைப் பார்த்துக் கையை ஆட்டினால் அவள் உள்ளே விட்டுவிடுவாள்.

பொற்கொடி உள்ளே போகவில்லை. அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று ஞாயிறு. நேற்றெல்லாம் கையில் கம்பி படவில்லை, வார்னிஷ் படவில்லை, வார்னிஷைக் கழுவுகிற தின்னர் படவில்லை. அதனால் ரேகை கொஞ்சம் தெரிகிறது. நாளைக்குத் தெரியாது. இருபத்தி நாலு திங்கட்கிழமை! மிச்சம் ஏழு நாள் தீபாவளி லீவும் பொங்கல் லீவும் முடிந்து வந்த நாட்களாகத்தான் இருக்கும். மெஷின் எண்ணியது அவள் வந்த நாட்களை அல்ல. அவள் விரல் ஆறியிருந்த நாட்களை.

"அக்கா, எனக்கு மெசின்ல விழுகாத நாளெல்லாம் என்னாகுதுங்க?" என்று ராமாமணியிடம் போய்க் கேட்டாள்.

"என்னாகும்? நான் எழுதி வெக்கறேனல்ல" என்று ராமாமணி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். அட்டையில் 'கை விழாதவங்க' என்று எழுதியிருந்தது. உள்ளே ஐந்து பேருடைய பெயர்கள் இருந்தன. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற கருப்பாத்தாள் பெயர் முதலில் இருந்தது. ஒரு நாள்கூட அவளை மெஷின் ஏற்றுக்கொண்டதில்லையாம். "மெசின்ல விழுந்துட்டா நான் எழுத மாட்டேன். விழுகுலீன்னா மட்டும்தான் இதுல ஏத்துவேன். ஓனர்கிட்ட எத்தனையோ தடவ சொல்லிப்போட்டேன் அம்மணி, இதையும் கம்ப்யூட்டர்ல ஏத்துங்கன்னு. அவங்க எங்க காதுல வாங்கறாங்க?"

"அஞ்சு பேரும் வராத கழுதைங்கன்னு ஊட்டுக்கு மெசேஜ் போயிருக்குதுங்கக்கா! வாடுறாங்களாமா!"

ராமாமணிக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு யாரும் உடற்பயிற்சி சரியாகச் செய்யவில்லை. ராமாமணி பக்கம் பக்கமாகப் புரட்ட, பொற்கொடி எண்ணினாள். நோட்டில் இருநூற்று முப்பத்து மூன்று. மெஷினில் நேற்று வரைக்கும் முப்பத்தொன்று. இரண்டும் ஒரே நாளில் வராது என்பதால் அப்படியே கூட்டலாம். இருநூற்று அறுபத்து நாலு. ஒன்பதாயிரத்து அறுநூறை அதனால் வகுத்தால் முப்பத்தாறு ரூபாய் சொச்சம். காந்திபுரத்தில் ஒரு காபியும் வடையும் அந்த விலைக்கு வருமா என்பதே சந்தேகம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பத்தரை மணி டீ நேரத்தில், வைண்டிங் மேசையில் உட்கார்ந்து போனைத் திறந்தபோது அவளுக்கு மனசு ஆறவில்லை. அவள் போய் வந்ததை மட்டும் அட்டை போட்டு எண்ணினானே, டிவியை யார் எண்ணுவது? நாலு மணி நேரம் ஓடுகிறதாம், மூன்று பேர் பார்க்கிறார்களாம். அந்த நாலு மணி நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்கிறாள். மதி உள்ளறையில் படிக்கிறாள். கௌதமன் ஒருவன்தான் சோபாவில் இருக்கிறான், அதிலும் பாதி நேரம் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று டிவியே கேட்டு, பதில் வராமல் தானே நின்றுபோகிற வீடு அது. அவளுக்கு வந்த நாளையே கணக்கில் சேர்க்கவில்லை. டிவிக்கு மட்டும் பார்க்காத ஆளையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுத்திருக்கிறான். என்ன நியாயம் இது?

ஆப்புக்கெல்லாம் பணம் போவது அவள் கணக்கிலிருந்து. அவள் சம்பளம்தான் முதலில் வரும் என்பதால் கௌதமன் அவள் போனில்தான், மாதாமாதம் பணம் தானாகப் போகிற மாதிரி, ஆட்டோபே போட்டிருந்தான். அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது.

நாலாவது, மாதம் நூற்று நாற்பத்தொன்பது. ஒரு வருஷத்துக்கு முன்னால் கௌதமன் ஒரு படம் பார்க்க வேண்டும் என்று, முதல் மாதம் ஒரே ரூபாய்தான் என்று அவள் போனை வாங்கிச் சேர்ந்தது. படம் பார்த்தான். படம் நன்றாக இல்லை என்றும் சொன்னான். அதற்குப் பிறகு அந்த ஆப்பை யாரும் திறக்கவில்லை. பணம் மட்டும் பதினோரு மாதமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு படம், அதுவும் நன்றாக இல்லாத படம்! பணம் எடுக்கப்போவதாக மாதாமாதம் வந்த செய்திகளை அவளும் பார்க்காமல்தான் விட்டிருந்தாள். அதற்காகத் தன்னையும் இரண்டு திட்டுத் திட்டிக்கொண்டாள். அதனால் கோபம் இரட்டிப்பானதே ஒழியக் குறையவில்லை.

சாயங்காலம் கௌதமன் வந்து காபி குடிக்கிறவரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு அவனுடைய தாளையே எடுத்து மேசைமேல் விரித்தாள். மதியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க, உங்க கணக்கையே போடலாம். ஆனா எல்லாத்துக்கும் ஒரே அளவு. உக்காந்து முழுசாப் பாத்தா ஒண்ணு. எத்தன பேருன்னு பெருக்கற வேலையெல்லாம் வேண்டாம். போன மாசம் கிரிக்கெட் எத்தன மேட்ச் முழுசாப் பாத்தீங்க?"

கௌதமனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எண்ணிக்கையில் பொய் சொல்ல மாட்டான். விரலை மடக்கி யோசித்து, "ஆறு" என்றான்.

"எரநூத்தித் தொண்ணூத்தொம்பது, ஆறு. ஒண்ணுக்கு அம்பது ரூவா. தமிழ்ப் படம் அஞ்சு பாத்தோம், ஒண்ணுக்கு நாப்பது. மதி, நீ?"

"இருவத்தோரு எபிசோடுங்கம்மா. எல்லாம் போன்லதான் பாத்தேன்."

"ஒண்ணுக்கு இருவத்தி நாலு. இதப் பாருங்க, இது நாலாவது" என்று போனைத் திருப்பிக் காட்டினாள். "போன மாசம் நூத்தி நாப்பத்தொம்பது, பாத்தது சைபர். சைபரால எப்படீங்க வகுக்கறது? உங்க ஸ்டோர்ஸ்ல இதுக்கு என்ன கலர்ல சீட்டு ஒட்டுவீங்க?"

கௌதமன் அந்தத் திரையை உற்றுப் பார்த்தான். "இத நான் மறந்தே போனேன்" என்றான்.

"மறந்தது உங்க தப்பில்லீங்க. ஜிம்ம மட்டும் மறக்காம இருந்தீங்களே, அதச் சொல்றேன். அது முப்பத்தொரு நாள் இல்லீங்க. இருநூத்தி அறுவத்தி நாலு." ராமாமணியின் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வந்திருந்தாள். வரிசையாகத் தள்ளிக் காட்டினாள். "ஒரு தடவைக்கு முப்பத்தாறு ரூவா. எனக்கு மெசின்ல கை விழுகாது. இது உங்களுக்குத் தெரியாத சங்கதியா? ரேசன் கடைல ஏழு மாசமா என் வெரல் விழுகுலீன்னு நீங்கதான போயி வெரல் வெச்சு அரிசி வாங்கீட்டு வாரீங்க? அந்த மெசின் தப்பாப் போச்சு, இந்த மெசின் மட்டும் சத்தியம் பேசுதாக்கும்? அது என்னைய வர்லீன்னு சொன்னா, ஒரு வார்த்த எங்கிட்டக் கேக்காம நீங்களும் சரின்னு எழுதிப்போடுவீங்களா?"

பேச்சு ஒருவழியாகத் தொண்டையைத் தாண்டி வந்துவிட்டது. இனி அதை நிறுத்த முடியாது என்று அவளுக்கே தெரிந்தது.

"நாஞ் சொல்றதக் கேளுங்க. அந்த நாலாவத இப்பவே நிறுத்தறேன், நூத்தி நாப்பத்தொம்பது. கிரிக்கெட்ட நிறுத்தறேன், எரநூத்தித் தொண்ணூத்தொம்பது. அது மாசா மாசம் கட்டறதுதான, பெரிய போட்டி வந்தா அந்த மாசம் மட்டும் கட்டிக்குங்க. மதி போன்லதான் பாக்கறா, அவளுக்கு டிவிக்கும் சேத்து எதுக்கு? போனுக்கு மட்டும்னா நூத்தி நாப்பத்தொம்பது. அதுல முந்நூத்தியம்பது மிச்சம். மொத்தம் எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு. நீங்க கேட்டது எண்ணூறு. அந்த ரெண்டு ரூவாய நாந் தாரேன்."

அவன் கண் முன்னாலேயே ஆட்டோபேயை ஒவ்வொன்றாக ரத்து செய்தாள். கிரிக்கெட் ஆப்பின் முறை வந்ததும், "இந்த மாசக் காசு கட்டியாச்சு. இருவத்தெட்டாந்தேதி வரைக்கும் ஓடும், பாத்துக்குங்க" என்று சொல்லவும் செய்தாள். கோபம் இருந்தாலும் அவள் அநியாயம் பேசுகிறவள் இல்லை.

கௌதமன் பேனாவை எடுத்தான். தாளில் முப்பத்தொன்றை அடித்துவிட்டு இருநூற்று அறுபத்து நாலு என்று எழுதினான். முந்நூற்றுப் பத்தை அடித்து முப்பத்தாறு என்று எழுதினான். கையெழுத்து எப்போதும்போல அச்சடித்த மாதிரி இருந்தது. எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தான்.

"அப்ப நீ டெய்லியுமா போறே?" என்றான்.

கேலி இல்லை. சண்டைக்கும் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்.

பொற்கொடி அடுத்துச் சொல்ல நினைத்ததெல்லாம் அப்படியே நின்றுபோனது. அதுவரைக்கும் அவள் மெஷினோடும், ஜிம்முக்காரனோடும், கணக்கு போட்ட முறையோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வாரம் ஆறு நாள், ஒரு வருஷமாக, ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்திருக்கிறவள் எழுந்து போயிருக்கிறாள். அது அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தச் செய்தி வந்த நிமிஷமே முப்பத்தொன்று தப்பு என்று அவனே சொல்லியிருப்பான்.

"மீதி நாளெல்லாம் காலைல நான் எங்க போனேன்னு நெனச்சீங்க?"

"எங்கயும் போகுலீன்னுதான் நெனச்சேன். நான் ஏழு மணிக்கு எந்திரிக்கறப்ப நீ அடுப்படிலதான் இருப்பே."

"அப்பா, அம்மா போனதும் நாந்தானுங்கப்பா தெனமும் எந்திரிச்சுக் கதவத் தாழ் போடறேன்" என்றாள் மதி, தலையைக் குனிந்தபடி. அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி அவள் குரல் இறங்கிவிட்டது.

கௌதமன் மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் தூக்கத்துல..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டான்.

பொற்கொடிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கத்தவில்லை. கணக்கில் தப்பு என்றால் திருத்தலாம். இதை எந்தத் தாளில் திருத்துவது? ரினீவலுக்கான ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாயை, ராமாமணி கொடுத்திருந்த ஜிம் நம்பருக்கு அந்த நிமிஷமே அனுப்பினாள். போனை வைத்துவிட்டுச் சோற்றுக்கு அரிசி களையப் போனாள்.

அன்றைக்கு ராத்திரி டிவி ஓடவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எந்திரிங்க. பரீட்சைக்குப் படிக்கற புள்ள, அவ தூங்கட்டும். இனிமே நீங்க வந்து கதவத் தாழ் போடுங்க."

கௌதமன் எழுந்து, லுங்கியைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே வந்தான். அவள் செருப்பு மாட்டுவதையும், துண்டைப் பையில் திணிப்பதையும், தெருவிளக்கு வெளிச்சத்தில் கேட்டைத் திறப்பதையும் வாசற்படியில் நின்று பார்த்தான். அவள் கேட்டைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தான்.

"ஏம்புள்ள, எத்தன மணிக்குத் திரும்பி வருவே?"

பொற்கொடி நின்றாள். ஒரு வருஷத்தில் அவன் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஆறரைக்குங்க" என்றாள் திரும்பாமலே. "தெனமும் ஆறரைக்குத்தான் வாரேன்."